அரைப் பிக்சல் நகர்ந்தால் என்ன கிடைக்கும்?

சாய்ந்தமருதுக் கடற்கரையில் நின்று 200 மில்லிமீற்றர் லென்ஸ் பூட்டிய கெமராவை வானத்துக்குத் திருப்பினால், ஒரு பிக்சலுக்குள் எவ்வளவு வானம் அடங்கும்? பிக்சலின் அகலத்தை மைக்ரோனில் எடுத்து 206 ஆல் பெருக்கி, லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் விடை வந்துவிடும். 4 மைக்ரோன் பிக்சலுக்கு அது 4.1 வில்செக்கன். ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு வில்செக்கன். காற்று கொஞ்சம் அமைதியாக இருக்கிற இரவில் நட்சத்திரத்தின் ஒளி இரண்டு மூன்று வில்செக்கன் அகலத்துக்குத்தான் விரிகிறது. அப்படியானால் ஒரு நட்சத்திரம் முழுதாகவே ஒரு பிக்சலுக்குள் விழுந்துவிடலாம். நெருங்கியிருக்கும் இரண்டும் சேர்ந்து ஒரே சதுரப் பொட்டாகிவிடும். லென்ஸ் கொண்டுவந்து கொடுத்ததைச் சென்சரின் கட்டம் விழுங்கிவிடுகிறது.

இதே சிக்கல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கிக்கும் இருந்தது. 2.4 மீற்றர் ஆடிக்கு 0.06 வில்செக்கன் அளவு நுணுக்கத்தைப் பிரிக்க முடியும். ஆனால் அதில் இருந்த அகன்ற புலக் கெமராவின் ஒரு பிக்சல் 0.1 வில்செக்கன். 1995 டிசம்பர் 18 முதல் 28 வரை சப்தரிஷி மண்டலத்தில் வெறுமையாகத் தெரிந்த ஒரு சிறு துண்டை அந்தக் கெமரா 342 தடவை படமெடுத்தது. இடையிடையே தொலைநோக்கியை வேண்டுமென்றே மிகச் சிறிதளவு நகர்த்தினார்கள். அந்தப் படங்களை ஒன்றாக்குவதற்காக அன்ட்ரூ ஃபுருக்டரும் ரிச்சர்ட் ஹுக்கும் உருவாக்கிய முறைதான் டிரிசில். முடிவில் கிடைத்த படத்தின் பிக்சல் 0.04 வில்செக்கன். அதே முறை இன்று இலவச மென்பொருளாகவே கிடைக்கிறது.

நகர்த்தியதால் என்ன மாறுகிறது? கட்டத்தின் கோடு நட்சத்திரத்தின் மேல் வேறு வேறு இடத்தில் விழுகிறது. ஒரு படத்தில் ஒரே பிக்சலுக்குள் இருந்த ஒளி, அடுத்ததில் இரண்டு பிக்சல்களுக்குப் பங்காகிறது. எந்தப் படமும் தனியே முழு விபரத்தையும் சொல்வதில்லை. ஒவ்வொன்றும் எவ்வளவு விலகி எடுக்கப்பட்டது என்று துல்லியமாகத் தெரிந்தால், ஒன்று விட்டதை இன்னொன்றிலிருந்து எடுக்கலாம். சரியாக ஒரு முழுப் பிக்சல் நகர்ந்திருந்தால் இந்த விடயத்தில் பயனில்லை, அதே அளவீடுதான் திரும்ப வரும். தேவைப்படுவது மீதியாக நிற்கும் பின்னம்.

அந்தப் பின்னத்தை அளப்பது எப்படி? ஒரு நட்சத்திரத்தின் ஒளி 10, 11, 12 ஆம் நிரல்களில் முறையே 200, 600, 400 என்று விழுந்திருக்கிறது என்று வைப்போம். ஒவ்வொரு நிரல் எண்ணையும் அதன் ஒளியால் பெருக்கிக் கூட்டினால் 13,400. அதை மொத்த ஒளியான 1,200 ஆல் வகுத்தால் 11.17. அடுத்த படத்தில் அதே நட்சத்திரம் 400, 600, 200 என்று விழுந்தால் விடை 10.83. ஆக, படம் மூன்றில் ஒரு பிக்சல் நகர்ந்திருக்கிறது. ஒளி பக்கத்துப் பிக்சல்களுக்குச் சிந்துவதால்தான் பிக்சலை விடச் சிறிய அளவைக் காண முடிகிறது.

இங்கே தடுக்கி விழ இரண்டு இடங்கள் உண்டு. வானத்தின் பின்னணி ஒளியைக் கழிக்காமல் கணக்குப் போட்டால் விடை நடுப்பக்கம் இழுபடும். மேலே சொன்ன முதற் படத்தில் ஒவ்வொரு நிரலிலும் 1,000 பின்னணி மிஞ்சியிருந்தால் 11.17 என்பது 11.05 ஆகிவிடும். கடைத்தெரு வெளிச்சம் ஏறிய நம் ஊர் வானத்துக்கு இது சின்ன விடயமில்லை. மற்றது, நட்சத்திரம் முழுக்க ஒரே பிக்சலுக்குள் விழுந்தால் சிந்திய ஒளி இல்லை. எங்கே விழுந்தாலும் கணக்கு அந்தப் பிக்சலின் நடுவையே காட்டும். இந்த முறை எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அளப்பது மிகக் கடினம் என்பது ஒரு வினோதம். ஒன்றிரண்டு நட்சத்திரங்களை நம்பாமல் நூறு இருநூறை எடுத்துப் பொதுவான நகர்வைக் காண்பதுதான் வழி.

இனி டிரிசில் என்ற பெயருக்குரிய தூறல். வெளியீட்டுக்கு இரு மடங்கு நுண்ணிய கட்டம் ஒன்றை விரிக்கிறோம். ஒரு பழைய பிக்சலின் இடத்தில் நான்கு புதிய கட்டங்கள். பழைய பிக்சலை அப்படியே அதன் மேல் வைத்தால் பழைய மங்கலும் கூடவே வரும். ஆகவே அதைச் சுருக்கி, பாதிப் பக்க அளவுள்ள துளியாக்கி, அளந்த நகர்வின்படி அதற்குரிய இடத்தில் விழ விடுகிறோம். துளி இரண்டு மூன்று கட்டங்களை மிதித்தால், மிதித்த பரப்பின் விகிதப்படி ஒளி பங்காகும். எந்தக் கட்டத்தில் எவ்வளவு துளிப் பரப்பு விழுந்தது என்பது நிறைப் படம் என்ற தனிப் படத்தில் பதிவாகும். கடைசியில் அதனால் வகுத்தால் சராசரி வந்துவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு. பாதிப் பக்கத் துளிக்குக் கால் பங்குப் பரப்புத்தான். எனவே 60 படங்கள் எடுத்தாலும் ஒரு புதிய கட்டத்துக்குச் சராசரியாக 15 படத்தின் தரவே கிடைக்கும். அந்தக் கட்டத்தில் இரைச்சல் இரு மடங்காகும். பத்துப் படம் மட்டும் இருந்தால் இரண்டரைதான். சில கட்டங்கள் காய்ந்து கிடக்கும், பின்னணியில் சதுரங்கப் பலகை போன்ற கோலம் எழும். நிறைப் படத்தைத் திறந்து பார்த்தால் ஓட்டைகள் வெளிப்படையாகத் தெரியும். அப்போது துளியைப் பெரிதாக்குவதா, இன்னொரு இரவு படமெடுப்பதா என்று தீர்மானிக்கலாம். நான் இரண்டாவதையே சொல்வேன்.

நகர்வு எந்தத் திசையில் என்பதும் முக்கியம். கெமராவைச் சும்மா முக்காலியில் வைத்தால் வானம் செக்கனுக்கு 15 வில்செக்கன் ஓடும். மேலே சொன்ன லென்ஸில் அது மூன்றரைப் பிக்சலுக்கும் மேல். ஆகவே வானத்தோடு சுழலும் தாங்கி வேண்டும், அதன் அச்சு வானத் துருவத்தைப் பார்க்க வேண்டும். நம் ஊரோ வட அகலாங்கு ஏழரைப் பாகைக்குக் கிட்ட இருக்கிறது. துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய அவ்வளவு உயரத்தில்தான், கல்முனைப் பக்கத்துத் தென்னைகளுக்கும் விளக்கொளிக்கும் நடுவே. அதைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அச்சு பிசகினால் படங்கள் மெதுவாக ஒரே திசையில் நகரும். அதை இலவச நகர்வு என்று எண்ணிவிடக்கூடாது: துளிகள் ஒரே கோட்டில் விழும், சென்சரின் குறைகளும் அதே கோட்டில் கீறல் கீறலாக இழுபடும். படத்துக்குப் படம் தாங்கியை வெவ்வேறு திசையில் சில பிக்சல்கள் தள்ளிவிட வேண்டும். அச்சுப் பிசகால் படம் சற்றுச் சுழலவும் செய்யும் என்பதால், ஒழுங்குபடுத்தும்போது சுழற்சியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மூலைகளில் மட்டும் நட்சத்திரங்கள் நீண்டு தெரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்கலாம்.

எல்லாப் படத்துக்கும் இது தேவையா? சாதாரணமாக அடுக்கிய படத்தில் நட்சத்திரத்தின் பாதி உயர அகலம் இரண்டு பிக்சலுக்குக் குறைவாக இருந்தால் பயனுண்டு. மூன்றைத் தாண்டினால் விட்டுவிடலாம். அதே கெமராவை 1000 மில்லிமீற்றர் தொலைநோக்கியில் மாட்டினால் ஒரு பிக்சல் 0.8 வில்செக்கன், காற்றின் கலக்கம் ஏற்கெனவே மூன்று நான்கு பிக்சலில் விரிந்திருக்கும். அங்கே டிரிசில் கோப்பைத்தான் பெரிதாக்கும். லென்ஸின் மங்கலையும் காற்றின் மங்கலையும் அது துடைக்காது.

பிறைக்கு இது உதவுமா என்ற கேள்வி நம் பக்கத்தில் இயல்பு. மேற்கே வயல்களுக்கு மேல் வெளுத்த வானத்தில் பிறை தெரியாமல் போவதற்குக் காரணம் ஒளி வேறுபாடு போதாமை, பிக்சலின் பருமன் அல்ல. பல படங்களைச் சந்திரனை வைத்து ஒழுங்குபடுத்திச் சராசரி எடுத்தால் வேறுபாடு தூக்கலாகும். டிரிசில் செய்தாலோ கட்டத்துக்குக் கட்டம் இரைச்சல்தான் கூடும்.

வந்த நுணுக்கம் உண்மையா என்று சோதிக்கவும் ஒரு வழி உண்டு. 60 படங்களில் ஒற்றை எண் படங்களை ஒரு தொகுதியாகவும் இரட்டை எண் படங்களை மற்றதாகவும் தனித்தனியே டிரிசில் செய்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் பிரிந்து தெரியும் நட்சத்திரச் சோடி பெரும்பாலும் வானத்தில் இருப்பது. ஒன்றில் மட்டும் தெரிந்தால் அது இரைச்சலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.