பெயரைக் கேட்டால் இனிஷியலை எழுதினேன்!

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் தாய்மார்களுக்கு உதவுமே என்று என் அனுபவத்தை எழுதுகிறேன்.

2018-ல் மகளின் பிரசவத்துக்காக பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரத்துக்குப் போயிருந்தேன். ஒருநாள் காலையில் தலைசுற்றல். மாப்பிள்ளை பக்கத்திலிருந்த மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். "அத்தை, நீங்க உட்காருங்க, காரை நிறுத்திட்டு வந்துடறேன்" என்று அவர் போன நேரத்தில், வரவேற்பில் இருந்த பெண் என்னிடம் ஒரு படிவத்தை நீட்டினாள். பி.ஏ. படித்தவளாயிற்றே, ஐந்தாறு வரி நிரப்ப மாட்டேனா? பேனாவை எடுத்து மளமளவென்று எழுதிவிட்டேன். அந்த ஐந்து நிமிஷ அவசரத்துக்குப் பின்னால் இரண்டு மாதம் அலைந்தோம்.

என் சொந்தப் பெயரைப் போட்டால் வீட்டுக்காரர் கோபிப்பார். அதனால் என் பெயர் கமலா, அப்பா ராமசாமி, கணவர் சுந்தரம் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

படிவத்தில் முதல் வரி 'நோம்'. என், ஓ, எம் என்று மூன்றே எழுத்து. பார்க்க இங்கிலீஷ் 'நேம்' மாதிரியே இருந்ததால் 'கமலா' என்று எழுதினேன். அடுத்த வரி 'ப்ரேனோம்'. 'ப்ரே' என்றால் முன்னால். பெயருக்கு முன்னால் வருவது என்ன? நம் ஊரில் இனிஷியல்தானே! 'ஆர்' என்று போட்டேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக் கொண்டேன்.

உண்மையில் 'நோம்' என்பது குடும்பப் பெயர். 'ப்ரேனோம்'தான் நம்மைக் கூப்பிடும் பெயர். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் சுந்தரம், கொடுக்கப்பட்ட பெயர் கமலா. ஆக, நோம் என்றால் சுந்தரம், ப்ரேனோம் என்றால் கமலா. நானோ 'ஆர்' என்ற பெயருடைய, கமலா குடும்பத்துப் பெண்ணாகிவிட்டேன்!

அடுத்தது பிறந்த தேதி. வரிசையில் குழப்பமில்லை; நம்மைப் போலவே அவர்களும் நாள், மாதம், வருடம் என்றுதான் எழுதுகிறார்கள். நான் பிறந்தது 17.07.1957. சரியாகத்தான் எழுதினேன். ஆனால் அந்த ஊரில் 1 எழுதும்போது மேலே நீளமாக ஒரு கொக்கி இழுப்பார்கள். அது நம் 7 மாதிரியே இருக்கும். குழப்பம் வராமல் இருக்க, 7-க்கு நடுவில் ஒரு குறுக்குக்கோடு போடுவது அவர்கள் வழக்கம். கோடு போடாத என் 7 எல்லாம் அந்தப் பெண்ணின் கண்ணுக்கு 1 ஆகிவிட்டன. கம்ப்யூட்டரில் 11.01.1951 என்று ஏறியது. ஒரே நொடியில் ஆறு வயசு கூடிவிட்டது!

முகவரியில் இன்னொரு கூத்து. மனசில் இருந்தது நம்ம ராஜா அண்ணாமலைபுரம்தானே? அதையே எழுதி, 600028 என்று பின்கோடு போடப் போனால், கட்டங்கள் ஐந்துதான் இருந்தன. கடைசி 8-ஐ விட்டுவிட்டேன். பிரான்சில் தபால் எண் ஐந்து இலக்கம். முதல் இரண்டு இலக்கம் மாவட்டத்தைக் காட்டும். லியோனுக்கு 69. நான் எழுதிய 60, பாரிசுக்கு வடக்கே இருக்கும் உவாஸ் என்ற மாவட்டம்!

நல்லவேளை, ரத்த அழுத்தம்தான், மாத்திரையோடு போயிற்று. ஆனால் ரத்தப் பரிசோதனை முடிவு தபாலில் வரவேயில்லை. நேரில் போய்க் கேட்டால், "சுந்தரம் என்று யாரும் இல்லையே" என்றார்கள். பிறந்த தேதியை வைத்துத் தேடினார்கள், அதுவும் கிடைக்கவில்லை. பில்லோ 'ஆர் கமலா' பெயரில் இருந்தது. விசாவுக்காக எடுத்திருந்த பயணக் காப்பீடு, பாஸ்போர்ட்டில் உள்ளபடி கமலா சுந்தரம் பெயரில். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். மகள் கைக்குழந்தையோடு கடிதம் எழுதி, பாஸ்போர்ட் நகலை இணைத்து, மருத்துவமனையில் பதிவைத் திருத்தச் சொல்லி, புது பில் வாங்கிய பிறகுதான் பணம் வந்தது.

ஊருக்குத் திரும்பியதும் எதிர் ஃபிளாட் அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் புதுச்சேரிக்காரர். "எங்க ஊர்ல பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியும்டீ" என்று உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது, 1881-ல் ஒரு ஆணை வந்ததாம். தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டங்களை விட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக் கொள்கிறவர்கள், நிலையான ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும். அந்தப் பெயர் தலைமுறை தலைமுறையாக வரும். நமக்கோ ஒவ்வொரு தலைமுறைக்கும் இனிஷியல் மாறும். அந்த நாட்டுப் படிவத்தில் இனிஷியலுக்கு இடமே இல்லை.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு ஆச்சரியம். கல்யாணம் ஆனாலும் பிரெஞ்சுச் சட்டப்படி பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் போவதில்லை. 1794-லிருந்து அப்படித்தானாம். கணவர் பெயரைப் புழக்கத்துக்கு வைத்துக் கொள்ளலாம். அதற்கு 'நோம் துயூசாழ்' என்று பெயர். பிறந்த வீட்டுப் பெயர் 'நோம் த நெசான்ஸ்'. விசா படிவத்தில்கூட நோம் என்பதற்கு அடுத்தபடியாக இதைக் கேட்பார்கள். என் கணக்கில் அங்கே வர வேண்டியது ராமசாமி. அதாவது, நான் 'ஆர்' என்று சுருக்கிய அப்பாவுக்கு முழுசாக ஒரு வரியே உண்டு! கல்யாணமாகாத பெண்ணுக்கான 'மத்மொசேல்' என்ற கட்டத்தையும் 2012-ல் அரசுப் படிவங்களிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள். எல்லாப் பெண்களுக்கும் 'மதாம்'தான்.

அக்கா சொல்லித் தந்த மற்ற இரண்டையும் சொல்லிவிடுகிறேன். 'நசியோனலித்தே' என்ற இடத்தில் நாட்டின் பெயரை எழுதக் கூடாது. நான் 'இந்தியா' என்று எழுதியிருந்தேன். 'ஏந்தியென்' என்று எழுத வேண்டும். இந்தியக் குடியுரிமை என்று பொருள். குடியுரிமை என்ற சொல் அந்த மொழியில் பெண்பால் என்பதால், அந்த வரியில் ஆண்களும் இப்படித்தான் எழுத வேண்டும். பிறந்த நாடு எது என்று தனியாகக் கேட்டால் மட்டும் 'ஏந்த்'.

மகள் வீட்டில் தங்கும்போது முகவரியில் முதலில் 'ஷே' என்று எழுதி, வீட்டுக்காரர் பெயரைச் சேர்க்க வேண்டும். இன்னார் வீட்டில் என்று அர்த்தம். அங்கே அடுக்குமாடிகளில் தபால் பெட்டி மேல் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால் போடுவார்கள். நம் பெயர் பெட்டியில் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிவிடும். தபால் எண் ஊர்ப் பெயருக்கு முன்னால் வர வேண்டும்.

இப்போது என் கைப்பையில் ஒரு அட்டை இருக்கிறது. பாஸ்போர்ட்டை எதிரில் வைத்து, ஒரு எழுத்துகூட மாறாமல் மகள் எழுதிக் கொடுத்தது. நோம் சுந்தரம், பிறந்த வீட்டு நோம் ராமசாமி, ப்ரேனோம் கமலா, 17.07.1957, ஏந்தியென். ஏழு எல்லாவற்றுக்கும் குறுக்குக்கோடு உண்டு. போன முறை போனபோது அதைப் பார்த்தே நூலகப் படிவம் நிரப்பினேன். அந்தப் பெண் ஒன்றுமே கேட்கவில்லை. பேத்திக்குப் படப் புத்தகம் எடுத்துக் கொண்டு வந்தேன்.

மகள், மகன் வீட்டுக்குக் கிளம்பும் தோழிகளே, ஊறுகாய் பாட்டிலைக் கட்டி வைக்கும் நேரத்தில் இந்த அட்டையையும் எழுதி வைத்துக் கொள்ளுங்கள்!

- ஒரு வாசகி, ராஜா அண்ணாமலைபுரம், சென்னை-28.