இரண்டு ரதங்கள், ஒரே முருகன்

2017 தைப்பூசத்தின்போது பினாங்குத் தீவில் முதன்முறையாக இரண்டு ரதங்கள் புறப்பட்டன. ஒன்று வெள்ளி ரதம். 1894-இல் காரைக்குடியிலிருந்து வந்தது. பினாங்கு வீதியிலுள்ள கோவில் வீட்டிலிருந்து தண்டாயுதபாணியை ஏற்றிக்கொண்டு தண்ணீர்மலையில் உள்ள நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோவிலுக்குப் போகும். மற்றொன்று புதிய தங்க ரதம். அதில் மூர்த்தி இல்லை, வேல் மட்டும்தான். குயின் வீதி மகாமாரியம்மன் கோவிலில் தொடங்கி, தண்ணீர்மலையின் பாலதண்டாயுதபாணி மலைக்கோவிலுக்குச் சென்றது. வெள்ளி ரதத்தை நடத்துவது நகரத்தார். தங்க ரதத்தை நடத்தியது பினாங்கு இந்து அறப்பணி வாரியம். அப்போது அதன் தலைவர் மாநிலத்தின் இரண்டாவது துணை முதல்வராக இருந்த பி. ராமசாமி.

இதை வெறும் ரதப் போட்டியாகப் பார்த்தால் விஷயம் பிடிபடாது. பினாங்கில் ஒரு திருவிழாவின் மேல் இரண்டு வகை அதிகாரம் நிற்கிறது. இரண்டின் வேரும் வேறு.

நகரத்தாரின் அதிகாரம் சொத்திலிருந்தும் பிறப்பிலிருந்தும் வருகிறது. வட்டித்தொழில் செய்ய வந்தவர்கள் கிட்டங்கிகளில் தங்கி, லாபத்தில் ஒரு பங்கை மகமையாக எடுத்துவைத்து, அந்தப் பணத்தில் கோவில் கட்டினார்கள். பினாங்குக் கோவில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்தது. ஊரில் அவர்களுக்கு இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், பிள்ளையார்பட்டி என ஒன்பது நகரக் கோவில்கள் உண்டு. அங்கே திருமணமான தம்பதி ஒரு புள்ளி. புள்ளிக்குத்தான் வரியும் உரிமையும். கடல் கடந்து கட்டிய கோவில்களுக்கும் அவர்கள் எடுத்துவந்தது இந்தக் கணக்கைத்தான்: கோவில் நகரத்தாருக்குப் பொது, வெளியாருக்கு வழிபாட்டுத்தலம். யார் வேண்டுமானாலும் அர்ச்சனைத்தட்டு நீட்டலாம். சாவியை யார் வைத்திருப்பது என்று பேச மட்டும் அந்தச் சாதியில் பிறந்திருக்க வேண்டும்.

வாரியத்தின் அதிகாரம் சட்டத்திலிருந்து வருகிறது. முஸ்லிம், இந்து அறக்கொடைகளின் நிர்வாகத்தைச் சீர்படுத்த, பிரிட்டிஷ் அரசு 1905-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்காகக் கொண்டுவந்த சட்டமே அதன் மூலம். வாரிய உறுப்பினர்கள் அரசு நியமிப்பவர்கள். இன்ன சாதியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. ஆகவே தங்க ரதத்தை ‘எல்லா இந்துக்களுக்கும் உரியது’ என்று முன்வைக்க வாரியத்தால் முடிந்தது. வழியெங்கும் தேங்காய் உடைத்துத் தட்டு நீட்டும் ஆயிரக்கணக்கானவர்களின் காணிக்கை, ஒரே சமூகத்தின் நிர்வாகத்துக்குப் போவது சரியா என்ற கேள்விதான் அதன் அடியில் இருந்தது.

அந்தக் கேள்வி நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். நூறு வருடங்களுக்கு மேலாக ரதத்தை அலங்கரித்து, பராமரித்து, வீதியில் கொண்டுவந்தவர்களின் உரிமையை அரசு அறிவிப்பு ஒன்றால் தள்ளிவிட முடியாது. ஆனால் ரதம் நகரத்தாருடையது என்றாலும் திருவிழா அவர்களுடையது மட்டும் அல்ல. துறைமுகத்திலும் தோட்டத்திலும் உழைத்தவர்களின் பிள்ளைகள்தான் வருடாவருடம் அந்த வீதியை நிறைக்கிறார்கள். காவடி எடுக்கும் கூட்டத்தில் சாதி கேட்பார் இல்லை; அறங்காவலர் மேசையில் இன்னும் அதுவே தகுதி.

அதே சமயம் வாரியம் பக்தர்களின் பிரதிநிதி என்றும் சொல்லிவிட முடியாது. எந்தப் பக்தரும் அதற்கு ஓட்டுப் போட்டதில்லை. ஆளும் கட்சி மாறினால், கட்சிக்குள் செல்வாக்கு மாறினால், வாரியத் தலைமையும் மாறுகிறது. சாதியின் இடத்தில் கட்சி உட்கார்ந்தால் பக்தரின் நிலையில் என்ன மாற்றம் வந்துவிடும்?

சிங்கப்பூரிலும் இதே இரண்டு தரப்புகள்தான். ஆனால் அங்கே வழி பிரித்துக்கொண்டார்கள். தைப்பூசத்துக்கு முந்தைய நாள் செட்டிப்பூசம். அன்று டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவிலிலிருந்து நகரத்தாரின் வெள்ளி ரதம் கியோங் சாய்க் ரோடு லயன் சித்தி விநாயகர் கோவிலுக்குப் போய்த் திரும்பும். மறுநாள் பொதுக்காவடிகள், இந்து அறக்கட்டளை வாரியம் நிர்வகிக்கும் சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோவிலில் புறப்பட்டு, நகரத்தாரின் டேங்க் ரோடு கோவிலில் வந்து இறங்கும். தொடக்கம் வாரியத்தின் வாசலில், முடிவு செட்டியார்களின் சன்னதியில். ஒருவரை விட்டு மற்றவரால் திருவிழாவை முடிக்க முடியாது; அதனால் பேசித்தான் ஆக வேண்டும். அங்கும் அறங்காவலர் பொறுப்பு நகரத்தாருக்குத்தான், வாரியம் அரசு நியமனம்தான். அதிகாரத்தின் வேர் மாறவில்லை. மோதல் வீதிக்கு வராதபடி பங்கீடு அமைந்திருக்கிறது.

பினாங்கில் அந்தப் பொதுப்பாதை இல்லை. நகரத்தார் கோவிலும் மலைக்கோவிலும் ஒரே சாலையில் அருகருகே இருந்தும் இரண்டு வாசல்கள், இரண்டு நிர்வாகங்கள், இப்போது இரண்டு ரதங்கள்.

இதில் பக்தர்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எந்த ரதத்துக்குத் தட்டு நீட்டினாலும், அந்த வருடத்தின் வரவு செலவைக் கோவில் வாசலில் எல்லாரும் படிக்கும்படி ஒட்டச் சொல்லுங்கள். நகரத்தார் கோவிலிலும் கேளுங்கள், வாரியத்திடமும் கேளுங்கள்.