பன்னிரண்டுக்கு ஒன்று: சாய்தளக் கணக்கில் அடங்கிய உரிமை

புதுதில்லி: அரசு அலுவலகம் ஒன்றின் வாயிலில் மூன்று படிகள் உள்ளன. அருகில் சிமெண்டுச் சாய்தளமும் இருக்கிறது. ஆய்வுக்கு வரும் அதிகாரி, "சாய்தளம் உண்டு" என்று படிவத்தில் குறித்துக் கொண்டு செல்கிறார். ஆனால் சக்கர நாற்காலியில் வருபவர், இருவர் பின்னால் தள்ளினால்தான் அதில் ஏற முடிகிறது. சாய்தளம் இருக்கிறதா என்று கேட்ட படிவம், அதன் சாய்வு எத்தனை சதவீதம் என்று கேட்கவில்லை.

இந்தக் கணக்கு எளிதானது. செங்குத்தாக ஏறும் உயரத்தை, தரைமட்டத்தில் கடக்கும் நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் சாய்வின் சதவீதம் கிடைக்கும். மத்திய அரசின் கட்டட வழிகாட்டு நெறிகள் சாய்தளத்துக்கு அனுமதிக்கும் உச்ச அளவு பன்னிரண்டுக்கு ஒன்று. அதாவது ஓர் அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். சதவீதத்தில் இது 8.33.

மேற்சொன்ன மூன்று படிகளும் ஒவ்வொன்றும் 15 செ.மீ. உயரம் எனில், மொத்த உயரம் 45 செ.மீ. அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 5.4 மீட்டர் நீளம் தேவை. வாயிலுக்கு முன் 2 மீட்டர் இடமே உள்ளது என்று ஒப்பந்ததாரர் அதற்குள் முடித்து விட்டால், சாய்வு 22.5 சதவீதமாகி விடுகிறது. நாற்காலியும் அதில் அமர்ந்திருப்பவரும் சேர்ந்து 90 கிலோ எனக் கொள்வோம். உராய்வை விட்டுவிட்டாலும், 8.33 சதவீதச் சாய்வில் அந்த எடை ஏழரை கிலோ அளவு விசையுடன் பின்னுக்கு இழுக்கும். 22.5 சதவீதத்தில் அந்த இழுப்பு ஏறக்குறைய 20 கிலோ. தன் கைகளால் சக்கரத்தை உருட்டுபவருக்கு அது சாய்தளம் அல்ல, சுவர். இறங்கும்போதோ நாற்காலி கைமீறி ஓடும் ஆபத்தும் உண்டு.

இடம் இல்லை என்பது பல இடங்களில் முழு உண்மை அல்ல. வாயிலுக்கு நேராக 5.4 மீட்டர் இல்லாவிட்டாலும், சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் சாய்தளத்தைக் கொண்டு செல்லலாம். இடையில் நாற்காலி திரும்பச் சமதளம் விட்டு வளைக்கலாம். கணக்கைக் கட்டடத்தின் வரைபடத்திலேயே போட்டிருந்தால் இது எளிது. கட்டி முடித்தபின் நினைத்தால்தான் கடினம்.

சதவீதத்தையும் பாகையையும் ஒன்றெனக் கருதுவது மற்றொரு பிழை. 8.33 சதவீதம் என்பது 4.8 பாகைதான். 8.33 பாகையில் கட்டினால் சாய்வு 14.6 சதவீதத்தை எட்டும். நூறு சதவீதம் என்பதும் செங்குத்துச் சுவர் அல்ல. 45 பாகைச் சரிவே.

சரிபார்க்கப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான சட்டத்தின் ஒரு முனையைச் சாய்தளத்தின் மேற்பக்கம் ஊன்றி, ரசமட்டம் வைத்துச் சட்டத்தைச் சமநிலைக்குக் கொண்டுவர வேண்டும். மறுமுனைக்கும் தரைக்கும் உள்ள செங்குத்து இடைவெளி எத்தனை செ.மீட்டரோ, அத்தனை சதவீதமே சாய்வு. எட்டே கால் செ.மீட்டரைக் கணிசமாகத் தாண்டினால் விதி மீறப்பட்டுள்ளது. ஓரிடத்தில் மட்டும் அளப்பது போதாது. சராசரி சரியாக இருந்தும், அடிப்பகுதி மட்டும் செங்குத்தாக முடிக்கப்பட்ட சாய்தளங்கள் உண்டு. மீட்டருக்கு மீட்டர் அளந்தால்தான் அது தெரியவரும்.

சட்டத்தில் இந்த எண்ணின் நிலை என்ன என்பதே உச்ச நீதிமன்றத்தில் எழுந்த கேள்வி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், மத்திய அரசு வகுக்கும் தரங்களைப் பின்பற்றாத கட்டடத்துக்கு அனுமதியோ நிறைவுச் சான்றிதழோ வழங்கக் கூடாது என்கிறது. ஆனால் 2017இல் வெளியான விதிகள், வழிகாட்டு நெறிகளையே சுட்டிக்காட்டி நின்றன. பார்வைக் குறைபாடுடைய ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த 15ஆவது விதியின் முதல் உட்பிரிவு மூலச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. சட்டம் கட்டாயமாக்கியதை விதிகள் வெறும் பரிந்துரையாகக் குறைக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். பரிந்துரைகளிலிருந்து கட்டாயமானவற்றைப் பிரித்தெடுத்து மூன்று மாதங்களில் விதிகளாக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிடப்பட்டது.

கட்டாய விதியாக எழுதப்படும்போதுதான் பன்னிரண்டுக்கு ஒன்று என்பது மீறினால் தண்டனைக்குரிய அளவாகும். சட்டத்தின் 89ஆவது பிரிவு முதல் மீறலுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரையும், அடுத்தடுத்த மீறல்களுக்கு ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம் வரையும் அபராதம் விதிக்கிறது. அதற்கும் முன்னதாக, நிறைவுச் சான்றிதழில் கையொப்பமிடும் அதிகாரி ஒரு மீட்டர் சட்டத்தையும் ரசமட்டத்தையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.