ராத்திரிப் படிப்பும் கால் தாளும்

அன்புள்ள பாப்பா,

பீரோவில் டேக் கோத்துக் கட்டி வைத்திருக்கும் துண்டுத் தாள்களைப் பார்த்து, "இதெல்லாம் என்னம்மா?" என்று கேட்டாய். பதினொன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாய். இனி உனக்கும் அது உதவும். பேச்சில் சொன்னால் சில விஷயம் விட்டுப்போகும் என்பதால் எழுதியே தருகிறேன்.

குரூப் 4 தேர்வுக்கு நான் முழுக்க ராத்திரியில்தான் படித்தேன். பகலில் துணிக்கடை வேலை. வீடு திரும்பிச் சமைத்து, உன்னைத் தூங்க வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறக்க மணி ஒன்பதரை ஆகிவிடும். பதினொன்றுக்குமேல் கண் நிற்காது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் படிப்பேன். கடைசிக் கால் மணி நேரம் தாளுக்கு.

ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கம் அச்சாகி வீணான ஏ4 தாள்கள் கிடைக்கும். அச்சான பக்கத்தோடு பக்கம் ஒட்டி, நான்காக வெட்டி வைத்துக்கொள்வேன். ஒரு நாளைக்கு ஒரு கால் தாள் மட்டும். அன்றைக்கு எவ்வளவு படித்திருந்தாலும் அதற்குள் அடங்க வேண்டும். இடம் குறைவாக இருந்தால்தான் எது முக்கியம், எது வேண்டாம் என்று மனம் யோசிக்கும்.

இதில் உயிரான விஷயம் ஒன்றே ஒன்றுதான். தாளை எழுதும்போது புத்தகம் மூடியிருக்க வேண்டும். புத்தகத்தைப் பார்த்துச் சுருக்கி எழுதினால் அது வெறும் நகல். கை வேலை செய்யும், மூளை சும்மா இருக்கும். மூடி வைத்துவிட்டு, ஞாபகத்தில் இருப்பதை நீல மையில் எழுது. இனி ஒன்றும் வரவில்லை என்று தெரிந்த பிறகு புத்தகத்தைத் திற. விட்டுப்போனதையும் தப்பாக எழுதியதையும் சிவப்பு மையில் சேர்.

ஒரு தாளை எடுத்தே காட்டுகிறேன். பஞ்சாயத்து ராஜ் படித்த ராத்திரி எழுதியது. நீயும் ஒன்பதாம் வகுப்பில் உள்ளாட்சி அமைப்புகள் படித்தவள்தான்; புரியும். நீல மையில் நான்கு வரி இருக்கிறது: 73-வது அரசியலமைப்புத் திருத்தம், 1992. கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என மூன்று அடுக்கு. பதவிக்காலம் 5 ஆண்டு. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம்.

அதன் கீழே சிவப்பு மை. திருத்தம் நடைமுறைக்கு வந்த நாள் 1993 ஏப்ரல் 24; அது எனக்கு ஞாபகம் வரவில்லை. ஊராட்சி இடையில் கலைக்கப்பட்டால் 6 மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும், அதுவும் விட்டுப்போயிருந்தது. 11-வது அட்டவணையில் 18 துறைகள் என்று எழுதி, அதை அடித்து 29 என்று திருத்தியிருக்கிறேன். 18 என்பது 12-வது அட்டவணை. அது நகராட்சிகளுக்கான 74-வது திருத்தத்தோடு வந்தது. இரண்டு பாடத்தையும் அடுத்தடுத்துப் படித்ததால் எண்கள் கலந்துவிட்டன. தேர்வில் இந்த இரண்டு எண்ணும் பக்கத்துப் பக்கத்து விடைகளாக நிற்கும். எங்கே குழப்பம் வரும் என்று சிவப்பு மை முன்கூட்டியே காட்டிக்கொடுத்தது.

தாளின் அடியில் "ஏன்?" என்று ஒரு வரி எழுதுவேன். இந்தத் தாளில் இருப்பது இதுதான்: 1959-இலேயே ராஜஸ்தானின் நாகௌரில் பஞ்சாயத்து ராஜ் தொடங்கிவிட்டது, ஆனால் அரசியலமைப்பின் கட்டாயம் இல்லாததால் பல மாநிலங்கள் ஒழுங்காகத் தேர்தல் நடத்தவில்லை, அதனால்தான் திருத்தம். இந்தக் காரணம் மனதில் பதிந்தால் 5 ஆண்டும் 6 மாதமும் தானாக ஒட்டிக்கொள்ளும். தேர்தலைத் தள்ளிப்போட முடியாதபடி செய்யத்தான் அந்த எண்களே வந்தன.

இனி பின்பக்கம். சிவப்பில் எழுதியதை எல்லாம் கேள்வியாக மாற்றி அங்கே எழுத வேண்டும். "கலைத்தால் எத்தனை மாதத்தில் தேர்தல்?", "29 எந்த அட்டவணை, 18 எந்த அட்டவணை?" என்று மூன்று நான்கு கேள்வி போதும். விடை அங்கே இருக்கக் கூடாது.

மறுநாள் ராத்திரி புதுப் பாடத்தைத் தொடுவதற்கு முன் அந்தக் கேள்விகளுக்கு வாய்விட்டு விடை சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்ப்பேன். எல்லாம் சரி என்றால் தாள் ஞாயிற்றுக்கிழமைக் கட்டுக்குப் போகும். ஒன்று தவறினாலும் அடுத்த ராத்திரி மறுபடி அதே தாள். ஞாயிறு அன்றும் சரியாகச் சொல்லிவிட்டால் மாதக் கட்டுக்கு மாறும். இப்படித் தெரிந்தது தள்ளிப்போகும், தெரியாதது அடிக்கடி எதிரே வரும். குறைந்த நேரத்தில் படிப்பவர்களுக்கு இந்தப் பிரிப்புதான் பெரிய லாபம்.

மூடி வைத்து எழுதுவது கஷ்டமாக இருக்கும். திரும்பத் திரும்ப வாசிப்பது சுகமாக இருக்கும். அந்தச் சுகத்தை நம்பாதே. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பாடப்பகுதியைத் திரும்ப வாசித்தவர்கள் ஒரு பக்கம். வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்கள் மறுபக்கம். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்களே அதிகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவுகூர்ந்து எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். படித்த உடனே "எல்லாம் தெரியும்" என்று தோன்றுவதை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

தாள் சரியாகப் போகிறதா என்பதை அதன் நிறத்தைப் பார்த்தே சொல்லலாம். சிவப்பே இல்லை என்றால், புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறாய், அல்லது உனக்கு ஏற்கெனவே தெரிந்த பாடத்தில் நேரம் செலவழித்திருக்கிறாய். முழுக்கச் சிவப்பு என்றால் பாடம் புரியவில்லை. அதற்கு இன்னொரு தாள் மருந்தாகாது, ஆசிரியரிடம் கேட்க வேண்டும். எழுத்து கோணலாக இறங்கிப் போனால் தூக்கம் வந்துவிட்டது, மூடிவைத்துவிட்டுப் படு. கலர் பேனாவும் கட்டமும் பூவும் ஏறத் தொடங்கினால் தாள் அழகாகும், கால் மணி நேரம் முக்கால் மணி ஆகும்.

எல்லாப் பாடத்துக்கும் இது பொருந்தாது. கணக்கைப் போட்டுப் போட்டுத்தான் பழக வேண்டும். தாளில் நீ மாட்டிக்கொண்ட படியை மட்டும் குறித்துக்கொள். செய்யுளைச் சொல் மாறாமல் சொல்ல வேண்டும். அதைச் சுருக்கக் கூடாது. உயிரியல், வேதியியல், வரலாறு, பொருளியல் போன்றவற்றுக்குத் தாள் நன்றாகக் கைகொடுக்கும். உன் பள்ளித் தேர்வில் நெடுவினாக்களும் வரும் என்பதால் "ஏன்?" வரியை எனக்கு இருந்ததைவிடப் பெரிதாகவே எழுது.

இன்னொருத்தி எழுதிய தாள் உனக்கு உதவாது. என் சிவப்பு வேறு, உன் சிவப்பு வேறு. அதனால் என் கட்டைத் தேடாதே. இன்று ராத்திரி ஒரே ஒரு பாடத்துக்கு நீயே ஒரு கால் தாள் எழுது. நாளை ராத்திரி புத்தகத்தைத் திறப்பதற்கு முன் அதன் பின்பக்கத்தை உனக்கு நீயே கேட்டுப் பார். கேட்க ஆள் வேண்டுமென்றால் அம்மாவிடம் தாளைக் கொடு, நான் கேட்கிறேன்.

அன்புடன்,
அம்மா