4k7-ஆ, 47k-ஆ?

பழைய எலெக்ட்ரானிக்ஸ் புத்தகத்தில் ஒரு சர்க்யூட் பிடித்துப்போகிறது. செல்போனில் படமெடுத்து, வீட்டில் உட்கார்ந்து பாகங்களின் பட்டியலை எழுதுகிறோம். புகைப்படத்தில் முதலில் காணாமல் போவது புள்ளி. 4.7k என்பது 47k ஆகிவிடும். அதனால்தான் பல வரைபடங்களில் புள்ளி வர வேண்டிய இடத்தில் k-ஐப் போட்டு 4k7 என்று எழுதுகிறார்கள்.

555 ஐசியை வைத்து எல்இடியை விநாடிக்கு ஒரு தடவை மின்ன வைக்கும் சர்க்யூட்டை எடுத்துக்கொள்வோம். மதிப்புகளுக்கு முன்னால் பெயர்களை மட்டும் வரிசையாக எழுதுங்கள்: R1, R2, R3, C1, C2. படத்தில் R3 இருந்து R2 கண்ணில் படவில்லையென்றால், அது பெரும்பாலும் பக்க மடிப்பிலோ நிழலிலோ ஒளிந்திருக்கிறது. பிறகுதான் மதிப்புகள். R1 4.7k, R3 470 ஓம், C1 10µF, C2 0.01µF. R2 மட்டும் மங்கலாக, 88k போலத் தெரிகிறது.

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ரெசிஸ்டர்கள் 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்ற எண்களிலும் அவற்றின் பத்து மடங்குகளிலும்தான் வரும். 88 அதில் இல்லை. 68 ஆக இருக்கலாம், 82 ஆகவும் இருக்கலாம். இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மின்னலுக்கான நேரம்:

T = 0.693 × (R1 + 2 × R2) × C1

68k போட்டால் 0.98 விநாடி வருகிறது, 82k போட்டால் 1.17. புத்தகம் சொல்லும் ஒரு விநாடிக்கு 68k-தான் நெருக்கம். இதே கணக்கு C1-ஐயும் காக்கும். 10µF-ஐ 10nF என்று படித்துவிட்டால் எல்இடி விநாடிக்கு ஆயிரம் தடவை மின்னும். நம் கண்ணுக்கு அது விடாமல் எரிவதாகவே தெரியும்.

ஆனால் R1 விஷயத்தில் கணக்கு அவ்வளவாகக் கைகொடுக்காது. 47k போட்டாலும் 1.27 விநாடிதான் வரும். எலக்ட்ரோலிடிக் கபாசிட்டரின் மதிப்பே 20 சதவீதம் கூடக் குறைய இருக்கும் என்பதால், கட்டி முடித்த பிறகு மின்னுவதைப் பார்த்துத் தவறைக் கண்டுபிடிக்க முடியாது. எனவே புள்ளி சந்தேகமான இடத்தில் புத்தகத்தையே மறுபடி பார்ப்பதுதான் வழி. முடிந்தால் முதலிலேயே ஒவ்வொரு பகுதியையும் நேர் மேலிருந்து, ஃபிளாஷ் இல்லாமல், தனித்தனியாகக் கிட்டத்தில் படமெடுத்துவிடுவது நல்லது.

சின்னங்களை எண்ணிப் பாகங்களை எண்ணிவிடவும் கூடாது. வரைபடத்தில் நான்கு NAND கேட்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடந்தாலும், கடையில் வாங்க வேண்டியது ஒரே ஒரு 4011 ஐசியாக இருக்கலாம்.

வரைபடம் பெரும்பாலும் சொல்லாத இரண்டு விவரங்களை நீங்களே சேர்க்க வேண்டும். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் இந்த சர்க்யூட்டுக்கு C1 16 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும். ரெசிஸ்டர்கள் கால் வாட் போதும். இவற்றையும் பட்டியலில் எழுதியே கடைக்காரரிடம் கொடுங்கள்.