விண்டோ ஏ.சி.யின் முன் கிரில்லை உடையாமல் கழற்றுவது

விண்டோ ஏ.சி.யின் ஃபில்டரைக் கழுவ முன் கிரில்லைக் கழற்ற வேண்டியதில்லை. அது தனியாக உருவி வந்துவிடும். கூலிங் காயிலின் மேல் படிந்த தூசியையும் காற்று வெளிவரும் தடுப்புகளில் படரும் கரும்பூஞ்சையையும் துடைக்கத்தான் கிரில் முழுதாக வெளியே வர வேண்டும்.

பல மாடல்களில் கிரில்லின் மேல் விளிம்பு கொக்கிகளில் தொங்கும். கீழ் விளிம்பை கிளிப்புகள் பிடித்திருக்கும். கிளிப் என்பது நுனியில் சிறு பல் உள்ள மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு. அது வளைந்து கொடுத்தால்தான் பல் விடுபடும். பல ஆண்டு வெயிலிலும் சூட்டிலும் பிளாஸ்டிக் அந்த வளைவை இழந்துவிடுகிறது. குளிரில் அது இன்னும் விறைக்கும். ஆகவே ஓடி நின்ற ஏ.சி.யில் உடனே கை வைக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கி, அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டுவைக்க வேண்டும்.

முதல் வேலை ஸ்க்ரூவைத் தேடுவது. அது பெரும்பாலும் ஃபில்டருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதைக் கவனிக்காமல் இழுப்பதால் உடையும் கிளிப்புகள் ஏராளம்.

பத்து ஆண்டு பழைய ஏ.சி. ஒன்றில் கீழே மூன்று கிளிப்புகள் இருப்பதாகக் கொள்வோம். ஓரத்துக் கிளிப்பின் அருகே இடுக்கில் பழைய ஏ.டி.எம். கார்டைச் செருகி, நாக்கை அழுத்தியபடியே விளிம்பை மெல்ல முன்னால் இழுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் விசை முழுதும் ஒரே புள்ளியில் இறங்கி நாக்கை முறித்துவிடும். முதல் கிளிப் விட்டதும், மறுபடி மாட்டிக்கொள்ளாதபடி கார்டை அங்கேயே விட்டு, இன்னொரு கார்டோடு நடுக் கிளிப்புக்குப் போகலாம். அது அசையாமல் அடியில் வெள்ளைக் கோடு தெரிந்தால், அது முறியப் போவதன் அறிகுறி. அங்கே நிறுத்தி, ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஒரு நிமிடம் சூடு காட்டினால் நாக்கு சற்று இளகும். மூன்றும் விட்ட பிறகு, கீழ் விளிம்பை லேசாக முன்னால் சாய்த்து, கிரில்லை மேலே தூக்கினால் கொக்கிகள் கழன்றுவிடும். டிஸ்ப்ளே ஒயர் பின்னால் இணைந்திருக்கலாம். பார்த்துவிட்டுத்தான் முழுதாக எடுக்க வேண்டும்.

கிரில்லை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். வெயில் அதை மேலும் நொறுங்கவைக்கும், தின்னர் கரைத்துவிடும். காயிலின் தகடுகள் கையைக் கிழிக்கும் கூர்மை உள்ளவை. மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகவே தூசியைத் தட்ட வேண்டும்.

மாட்டும்போது மேல் கொக்கிகள் முதலில், பிறகு ஒவ்வொரு கிளிப்பின் மேலும் ‘டக்’ என்று கேட்கும்வரை ஓர் அழுத்தம். ஒரு கிளிப் உடைந்தால் மற்றவையும் ஸ்க்ரூவும் பெரும்பாலும் தாங்கும். இரண்டு போய், கிரில் கடகடவென்று அதிர்ந்தால் புதுக் கிரில்தான் வழி. சூப்பர் குளூவால் ஒட்டிய நாக்கு அடுத்த வளைவிலேயே விட்டுப்போகும்.