நூறாகாத சதவீதங்கள்

ஒரு மொத்தத்தைப் பல பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் சதவீதத்தையும் தனித்தனியே முழுமைப்படுத்தினால், அவற்றின் கூட்டுத்தொகை 100 ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. மூவருக்குச் சமபங்கு என்றால் ஆளுக்கு 33 சதவீதம், கூட்டினால் 99தான். இங்கே யாரும் தவறு செய்யவில்லை. தசமப் புள்ளிக்குப் பின் வெட்டப்பட்ட துணுக்குகள் மூன்றும் சேர்ந்து ஒரு சதவீதமாகிவிட்டன, அவ்வளவே.

இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. மொத்த மக்கள்தொகை 121,08,54,977. சமய வாரியான அட்டவணையில் எட்டுப் பிரிவுகள். இரண்டு தசம இடங்களுக்குக் கணக்கிட்டால் இந்துக்கள் 79.80, முஸ்லிம்கள் 14.23, கிறித்தவர்கள் 2.30, சீக்கியர்கள் 1.72, பௌத்தர்கள் 0.70, சமணர்கள் 0.37, பிற சமயத்தார் 0.66, சமயம் குறிப்பிடாதோர் 0.24 சதவீதம். கூட்டினால் 100.02 வருகிறது. இதையே ஒரு தசம இடத்துக்குக் குறைத்து எழுதினால் கூட்டுத்தொகை சரியாக 100.0. தசம இடங்களைக் கூட்டினால் கணக்கு நேராகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இந்த அட்டவணையில் நடந்திருப்பது அதற்கு நேர்மாறு.

காரணத்தைத் துணுக்குகளில் காணலாம். முஸ்லிம்களின் உண்மையான பங்கு 14.2251, அது 14.23 என மேலே ஏறியது. பிற சமயத்தார் 0.6555, அதுவும் ஏறியது. எட்டில் ஏழு எண்கள் இப்படி ஏற, சீக்கியர்களின் எண் மட்டுமே இறங்கியது. ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுகட்டாததால் 0.02 மிஞ்சியது.

மிச்சத்தை மறைக்கச் செய்தித்தாள்களிலும் அலுவலகங்களிலும் வழக்கமாகக் கையாளும் உபாயம், மிகப் பெரிய எண்ணில் கைவைப்பது. இந்துக்களின் 79.80-ஐ 79.78 ஆக்கினால் கூட்டல் பொருந்திவிடும். ஆனால் அந்த எண் பொய். மூல எண்ணிக்கையிலிருந்து யார் கணக்கிட்டாலும் 79.80தான் கிடைக்கும். கூட்டல் சரியாக இருப்பதால் வாசகருக்கு ஐயமும் எழாது. அதனால்தான் இது 100.02-ஐ விட மோசமானது.

கூட்டுத்தொகை 100 ஆகியே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், அதற்கு ஒழுங்கான முறை ஒன்று உண்டு. முதலில் எல்லா எண்களையும் கீழ்நோக்கி வெட்ட வேண்டும். இந்த அட்டவணையில் அப்படிச் செய்தால் 99.95 வரும், 0.05 குறையும். அதை 0.01 வீதம், வெட்டுப்பட்ட துணுக்கு எந்தப் பிரிவுகளில் பெரிதோ அந்த ஐந்துக்கு வரிசையாகக் கொடுக்க வேண்டும். சில நாடுகளில் கட்சிகளுக்கு இடங்களைப் பங்கிட உதவும் மீதிக் கணக்கும் இதுவே. முடிவில் முஸ்லிம்கள் 14.22, பிற சமயத்தார் 0.65 என மாறுவார்கள், மற்றவை மாறா. விதி எல்லோருக்கும் ஒன்றே என்பதால் யாருடைய விருப்பத்துக்கும் இடமில்லை. ஆனாலும் அந்த இரண்டு எண்களும் இனி நெருங்கிய மதிப்புகள் அல்ல. எனவே இம்முறை கையாளப்பட்டதை அட்டவணையின் அடியிலேயே சொல்ல வேண்டும்.

பெரும்பாலான அறிக்கைகளுக்கு இவ்வளவு தேவையில்லை. எண்களை உள்ளபடியே விட்டு, மொத்த வரிசையில் 100 என்று எழுதி, 'முழுமைப்படுத்தியதால் கூட்டுத்தொகை 100 ஆகாமல் இருக்கலாம்' என்று அடிக்குறிப்பு இட்டால் போதும். அருகில் மூல எண்ணிக்கையையும் தந்தால் இன்னும் நல்லது, வாசகரே சரிபார்த்துக்கொள்வார். பிரிவுகளைச் சேர்க்கும்போதும் அந்த மூல எண்களையே கூட்ட வேண்டும். பிற சமயத்தாரையும் சமயம் குறிப்பிடாதோரையும் ஒன்றாக்கினால் 0.66 + 0.24 = 0.90 என்று தோன்றும். மூல எண்களைக் கூட்டி வகுத்தால் 0.89தான். எக்செல் போன்ற மென்பொருள்கள் திரையில் இரண்டு இடங்களை மட்டும் காட்டினாலும் உள்ளே முழு மதிப்பையே வைத்துக் கூட்டுகின்றன. ஆகவே அங்கே மொத்தம் 100.00 என்று தெரியும். அச்சில் பார்ப்பவருக்கோ 100.02 வரும். அடிக்குறிப்பு இல்லாவிட்டால் அவர் குழம்புவார்.

எல்லா வேறுபாட்டையும் முழுமைப்படுத்துதலின் மேல் போட்டுவிடவும் கூடாது. ஒவ்வோர் எண்ணும் கடைசி இலக்கத்தில் பாதியளவுக்கு மேல் பிசகாது. இங்கே அது 0.005, எட்டுப் பிரிவுகளுக்கு அதிகபட்சம் 0.04. 100.02 இந்த எல்லைக்குள் அடங்குகிறது. இதே அட்டவணையில் சமயம் குறிப்பிடாதோரை விட்டுவிட்டால் கூட்டுத்தொகை 99.78. ஏழு பிரிவுகளுக்கு உரிய எல்லை 0.035 மட்டுமே, 0.22 குறைவதை அது விளக்காது. ஒரு பிரிவு விடுபட்டிருக்கிறது என்று இதிலிருந்தே கண்டுபிடிக்கலாம். அப்போது அந்த வரிசையைத் திரும்பச் சேர்க்க வேண்டும். அல்லது சமயம் குறிப்பிட்டவர்களை மட்டும் மொத்தமாகக் கொண்டு எல்லாச் சதவீதங்களையும் புதிதாகக் கணக்கிட்டு, அதைத் தலைப்பிலேயே சொல்ல வேண்டும்.